முதுகின் நீளமும் பையின் லிட்டரும்

துறையூர்க்காரருக்கு மலை புதிதில்லை. ஊரை ஒட்டியே பெருமாள்மலை இருக்கிறது. வடக்கே பச்சைமலை, மேற்கே கொல்லிமலை, அதன் அடிவாரத்தில் புளியஞ்சோலை. ஆனால் இவை எல்லாமே காலையில் போய் மாலையில் திரும்பும் மலைகள். தண்ணீர் பாட்டிலும் புளிசாதப் பொட்டலமும் துண்டும் கொள்கிற எந்தப் பையும் அதற்குப் போதும். கல்லூரிப் பையையே மாட்டிக்கொண்டு டாப் செங்காட்டுப்பட்டிக்கோ மங்களம் அருவிக்கோ போய்விட்டு வருகிற பையன்களை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம். தோள் வலித்தால் மறுநாள் சரியாகிவிடும். மறுநாளும் அதே பையைத் தூக்கவேண்டும், அதற்கு மறுநாளும் தூக்கவேண்டும் என்று வரும்போதுதான் எந்தப் பை என்கிற கேள்வி எழுகிறது.

அப்படிப்பட்ட பல நாள் நடை தமிழ்நாட்டுக்காரருக்குப் பெரும்பாலும் வெளி மாநிலத்தில்தான் அமைகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன்பின் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024இல் வனத்துறை 40 வழித்தடங்களை இணையவழி முன்பதிவோடு திறந்துவிட்டாலும் அவை பெரும்பாலும் ஒரே நாளில் முடிகிறவை. ஆகவே இரவு தங்கி நடக்க விரும்புகிறவர் முதலில் எட்டுவது இரண்டில் ஒன்று: கேரள எல்லைக்குள் அகத்தியர்கூடம், அல்லது ரயிலேறி இமயமலை. உத்தராகண்டின் சாங்ரியிலிருந்து கேதார்கந்தா ஏறுவது முதல்முறைக்காரர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் நடைகளில் ஒன்று. இந்த இரண்டையும் முன்னால் வைத்துக்கொண்டு பைக் கேள்வியைப் பார்க்கிறேன். ஒரே ஆள் இந்த இரண்டு இடத்துக்கும் போனால்கூட விடை வேறு வேறாக வரும்.

கடையில் நுழைந்ததும் எல்லோரும் கேட்பது, "எத்தனை லிட்டர் எடுக்கலாம்?" கடைக்காரரும் சளைக்காமல், "நாலு நாளா? அறுபது எடுங்க" என்பார். நாளுக்கு இவ்வளவு லிட்டர் என்று கணக்குப் போடுகிற இந்தப் பழக்கம் கூடாரத்தையும் அடுப்பையும் அரிசியையும் தானே சுமக்கிற நாடுகளிலிருந்து வந்தது. அங்கே நாள் கூடினால் சாப்பாடு கூடும், சாப்பாடு கூடினால் பை பெருக்கும். இந்தியாவில் முதல்முறை போகிறவரின் நிலைமை வேறு. கேதார்கந்தா போன்ற இடங்களில் கூடாரம், தூக்கப்பை, சமையல் சாமான் எல்லாவற்றையும் ஏற்பாட்டாளர் கோவேறு கழுதைகளின் மேலோ சுமையாட்களிடமோ ஏற்றி அனுப்பிவிடுகிறார். நாம் சுமப்பது உடுப்பும் தண்ணீரும் சில்லறைச் சாமான்களும்தான். ஐந்து நாள் நடந்தாலும் எட்டு நாள் நடந்தாலும் இந்த மூட்டை ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். கூடுவது இரண்டு ஜோடி காலுறை. ஆகவே எத்தனை நாள் என்று கேட்பதைவிட, கூடாரத்தை யார் தூக்குகிறார், சோற்றை யார் தூக்குகிறார், இரவுக் குளிர் எவ்வளவு என்று கேட்டால் லிட்டர் தானே வந்து விழும்.

லிட்டர் என்பதையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கவேண்டும். பையின் கொள்ளளவை அளப்பதற்கு அமெரிக்காவில் ஒரு தர முறை உண்டு. இருபது மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டைகளைப் பைக்குள் கொட்டி நிரப்பி, பிறகு அவற்றை அளவுப் பாத்திரத்தில் கொட்டிப் பார்ப்பார்கள். எல்லா நிறுவனமும் இதைப் பின்பற்றுவதில்லை. சிலர் பக்கவாட்டு வலைப்பைகளையும் கழுத்துப்பகுதி நீட்சியையும் சேர்த்துச் சொல்கிறார்கள், சிலர் சேர்ப்பதில்லை. அதனால் ஒருவரின் ஐம்பது இன்னொருவரின் நாற்பத்தைந்தாக இருக்கலாம். கண்ணால் ஒரு மதிப்பு வேண்டுமானால், மளிகைக் கடையில் அடுக்கியிருக்கும் 25 கிலோ அரிசிச் சிப்பம் சுமார் முப்பது லிட்டர் இடத்தை அடைக்கும். அதைப்போல ஒன்றரைச் சிப்பம் என்று நினைத்துக்கொண்டால் நாற்பத்தைந்து லிட்டர் பை எவ்வளவு பெரியது என்பது பிடிபடும். முதல்முறை போகிறவர் நினைப்பதைவிட அது பெரிது.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். துறையூரிலிருந்து ஓர் இளம்பெண் டிசம்பரில் கேதார்கந்தாவுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடை 52 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். உச்சி சுமார் 3,800 மீட்டர். மேலே பனி கிடக்கும், இரவில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். துறையூர் வெயிலில் வளர்ந்தவர் இந்தக் குளிரை நினைத்துப் பயந்து வீட்டிலுள்ள ஸ்வெட்டர் எல்லாவற்றையும் எடுத்து வைப்பார். அங்கேதான் பை உப்ப ஆரம்பிக்கும். உண்மையில் வேண்டியது ஓர் இறகு ஜாக்கெட், இரண்டு ஃப்ளீஸ், உடம்போடு ஒட்டும் தெர்மல் ஒரு செட், மாற்றிப் போட இரண்டு மேல்சட்டை, ஒரு கால்சட்டை, நான்கு ஜோடி காலுறை, உள்ளாடைகள், கையுறை, குல்லாய், மழைக்கோட்டு. அழுத்தி அடுக்கினால் இவை இருபத்தொன்றரை லிட்டர், மூன்றரை கிலோ. தண்ணீர் இரண்டு லிட்டர், பாட்டிலோடு 2.2 கிலோ. தட்டு, டம்ளர், மதியச் சாப்பாட்டு டப்பா, மருந்து, நாப்கின், பற்பசை, தலைவிளக்கு, பவர்பேங்க், முகாமில் போடச் செருப்பு, கொஞ்சம் கடலைமிட்டாய் என்று மீதியெல்லாம் சேர்ந்து பத்து லிட்டர், இரண்டரை கிலோ. கூட்டினால் 33.5 லிட்டர், 8.2 கிலோ. பையே 1.7 கிலோ என்றால் முதுகில் ஏறுவது 9.9 கிலோ.

அடுக்குவதில் சந்து பொந்துகள் வீணாகும். காலை ஐந்து மணிக்குக் கையுறை போட்டுக்கொண்டு அடுக்கும்போது வீட்டில் அடுக்கியதுபோல வராது. ஐந்தில் ஒரு பங்கை அதற்கு விட்டால் சுமார் நாற்பது லிட்டர். ஆக இவருக்கு நாற்பத்தைந்து லிட்டர் பை தாராளம். ஐம்பது வாங்கினாலும் கெட்டுப்போகாது. அறுபது வாங்கினால் என்ன ஆகும் என்றால், மிச்ச இடம் சும்மா இருக்காது. "இடம் இருக்கே, இதையும் வை" என்று அம்மா ஒரு போர்வையை நீட்டுவார். அதையும் மறுத்துவிட்டால், பாதி காலியான பெரிய பையில் சாமான் கீழே சரிந்து, நடக்கும்போது பக்கவாட்டில் ஆடும். பக்கப் பட்டைகளை இழுத்து இறுக்கி ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் பெரிய பையின் கூடுதல் எடையைக் குறைக்க வழியில்லை.

சுமைக்கு மேல்வரம்பு என்ன என்பதற்கு நடைமுறையில் சொல்லப்படுவது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 52 கிலோவுக்கு அது 10.4. மேலே வந்த 9.9 அதற்குள் அடங்குகிறது, மயிரிழையில். இது விஞ்ஞான விதி கிடையாது, பழக்கமில்லாத முதுகுக்கான ஒரு பாதுகாப்புக் கோடு. பழகிய உடம்பு எதையெல்லாம் சுமக்கும் என்பதற்கு நேபாளத்தில் எடுத்த அளவீடு ஒன்று உண்டு. 2005இல் சயன்ஸ் இதழில் வெளியான அந்த ஆய்வில், சுமைதூக்கும் ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 விழுக்காட்டையும் பெண்கள் 66 விழுக்காட்டையும் தூக்கிக்கொண்டு மலைவழியில் நடந்திருந்தார்கள். நெற்றிப்பட்டையில் தொங்கும் கூடையில். அவர்கள் அதைச் சின்ன வயதிலிருந்து செய்கிறவர்கள், மெல்ல நடந்து அடிக்கடி நின்று ஓய்வெடுப்பவர்கள். கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிற நாம் அந்தக் கணக்கை நமக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது.

அதே பெண் கேதார்கந்தாவை விட்டுவிட்டு அகத்தியர்கூடம் போனால் கணக்கு சுருங்கிவிடும். போனக்காட்டிலிருந்து கிளம்பி முதல் நாள் காட்டுவழியில் நீண்ட நடை, அதிருமலையில் வனத்துறைக் கூடத்தில் இரவு, மறுநாள் 1,868 மீட்டர் உச்சிக்குப் போய்த் திரும்பி, மூன்றாம் நாள் இறக்கம். ஜனவரி தொடங்கிச் சில வாரங்கள் மட்டும் அனுமதி. 2019இல் இருந்து பெண்களும் போகிறார்கள். கூடாரம் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். பனி கிடையாது என்பதால் உடுப்பு பாதியாகக் குறையும். ஒரு மெல்லிய தூக்கப்பையையோ போர்வையையோ சேர்த்தாலும் முப்பதிலிருந்து முப்பத்தைந்து லிட்டர் போதும், எடை ஏழு கிலோவைத் தாண்ட வேண்டியதில்லை. மறுபக்கம், கூடாரத்தில் பாதிப் பங்கும் குளிர்காலத் தூக்கப்பையும் பாயும் அடுப்பும் நான்கு நாள் உணவும் தானே சுமந்து கேதார்கந்தா போகிறேன் என்றால் அறுபத்தைந்து லிட்டரும் பதினாறு, பதினேழு கிலோவும் ஆகிவிடும். அது அவர் எடையில் மூன்றில் ஒரு பங்கு. முதல் நடையில் அது வேண்டாம் என்பேன்.

சுமையை உடம்பில் எங்கே வைப்பது என்பது பழைய கேள்வி. 1971இல் தத்தா, ராமநாதன் என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் தலைச்சுமை, காவடி, முதுகுப்பை, நெற்றிப்பட்டை, கைச்சுமை உள்ளிட்ட ஏழு விதமான சுமத்தலை ஒப்பிட்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அளந்தார்கள். முன்னும் பின்னுமாகப் பிரித்துக் கட்டிய இரட்டைப் பைதான் குறைந்த செலவு, கையில் தூக்குவது மிக அதிகம். தலைச்சுமையும் நல்ல இடத்தைப் பிடித்தது. பச்சைமலையில் விறகுக்கட்டைத் தலையில் வைத்து இறங்குகிறவர்களுக்கு இந்த முடிவு ஆச்சரியமாக இருக்காது. இரட்டைப் பை போட்டால் கால் வைக்கும் இடம் தெரியாது, தலையில் வைத்தால் தாழ்ந்த கிளைக்குக் கீழே குனிய முடியாது. மலைநடைக்கு முதுகுப்பை நிலைத்ததற்கு இந்த வசதிகளும் காரணம்.

முதுகுப்பையின் பெரிய திருப்பம் 1952இல் அமெரிக்காவில் டிக் கெல்டி என்பவர் அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் வைத்துப் பை தைத்து விற்கத் தொடங்கியது. 1967இல் கிரெக் லோவ் அந்தச் சட்டத்தைப் பைக்குள்ளேயே ஒளித்துவிட்டார். இன்று கடையில் தொங்குகிற பல நாள் பைகள் பெரும்பாலும் அந்த இரண்டு யோசனைகளின் பிள்ளைகள்: உள்ளே ஒரு விறைப்பான தகடோ கம்பியோ, கீழே இடுப்பைச் சுற்றும் பட்டை. இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். சட்டம் இல்லாமல் பட்டை மட்டும் இருந்தால் பை ஆடாமல் தடுக்குமே தவிர எடையை இடுப்புக்கு இறக்காது. பல மலிவான பைகளில் இதுதான் நிலை. சோதிப்பது எளிது. சாமான் வைத்த பையைத் தரையில் நிறுத்தி, மேலே உள்ள கைப்பிடி அருகில் உள்ளங்கையால் கீழ்நோக்கி அழுத்துங்கள். முதுகுப் பலகை நடுவில் மடங்கினால் எடை இடுப்புக்குப் போய்ச் சேராது.

இங்கே ஒரு விளம்பரக் கணக்கைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. "எண்பது சதவீத எடை இடுப்பில், இருபது தோளில்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். 2004இல் லாஃபியாண்ட்ரா, ஹார்மன் ஆகியோர் அமெரிக்க ராணுவ ஆய்வில் சட்டமும் இடுப்புப் பட்டையும் உள்ள பையைப் போட்டு நடக்கவைத்து விசையை அளந்தபோது, கீழ்முதுகும் இடுப்பும் தாங்கியது சுமார் 30 விழுக்காடு, மீதி மேல்முதுகிலும் தோளிலும். நன்றாகப் பொருந்திய இன்றைய பை இதைவிட மேலாகச் செய்யலாம். ஆனாலும் பட்டையை மாட்டிவிட்டால் தோளுக்கு வேலையே இல்லை என்று எதிர்பார்க்கக் கூடாது. தோளிலிருந்து குறையும் இரண்டு மூன்று கிலோவே பெரிய உபகாரம். தோளில் எடை தொடர்ந்து அழுத்தும்போது கழுத்துக்கும் கைக்கும் இடையே ஓடும் நரம்புக்கற்றை நசுங்கி, கை மரத்துப்போய், தூக்கவே முடியாமல் போவது ராணுவ மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த கோளாறு. சட்டமும் இடுப்புப் பட்டையும் இல்லாத பைகளில்தான் அது அதிகம் வருகிறது.

அந்த உபகாரம் கிடைப்பதும் கிடைக்காததும் முதுகின் நீளத்தைப் பொறுத்தது. கடைகளில் மிகக் குறைவாகக் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். பையின் எஸ், எம், எல் என்பது ஆளின் உயரத்தைச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீண்டும் இன்னொருவருக்கு உடல் நீண்டும் இருக்கும். நான்கைந்து சென்டிமீட்டர் வித்தியாசம் சாதாரணம். பைக்கு அது ஒரு முழு அளவு வித்தியாசம்.

அளக்க ஒரு தையல் டேப்பும் துணைக்கு ஒருவரும் போதும். தலையைக் குனிந்தால் பின்கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டு ஓர் எலும்பு கைக்குத் தட்டும். அது மேல்புள்ளி. பிறகு இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் ஊன்றி, கட்டைவிரல்கள் பின்பக்கம் முதுகெலும்பை நோக்கி வரும்படி வைக்கவேண்டும். விலாவுக்குக் கீழே மெத்தென்ற இடத்தில் கை வைப்பது சகஜமான தவறு. எலும்பு தட்டும்வரை அழுத்திப் பார்க்கவேண்டும். இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே முதுகெலும்பில் விழும் இடம் கீழ்ப்புள்ளி. நிமிர்ந்து நிற்க, துணைக்கு வந்தவர் முதுகின் வளைவோடு டேப்பை ஓட்டி இரண்டு புள்ளிகளுக்கும் இடையே அளக்கவேண்டும். பெரியவர்களில் பலருக்கு இது நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்து சென்டிமீட்டருக்குள் வரும். நம் துறையூர்ப் பெண்ணுக்கு 42 என்று வைத்துக்கொள்வோம். பல நிறுவனங்களின் நடுத்தர அளவு இவருக்குப் பெரிது. சிறிய அளவோ, முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள பையோ வேண்டும். பெண்களுக்கென்று தைக்கப்படும் பைகளில் முதுகு குட்டை, தோள்பட்டைகள் குறுகலாகத் தொடங்கி மார்பை ஒதுங்கி வளையும், இடுப்புப் பட்டை கூம்புபோலச் சாய்ந்திருக்கும். ஒல்லியான, தோள் குறுகிய ஆண்களுக்கும் இவை பொருந்தும். நிறம் பிடிக்கவில்லை என்று ஒதுக்குவதற்கு முன்னால் ஒருமுறை மாட்டிப் பார்க்கலாம்.

மாட்டும்போது வரிசை முக்கியம். காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. எட்டு கிலோவாவது உள்ளே இருக்கவேண்டும். கடையில் எடை மூட்டை கேட்டு வாங்குங்கள், தரவில்லையென்றால் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிப் போடுங்கள். எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டுப் பையை ஏற்றி, முதலில் இடுப்புப் பட்டை. அதன் நடுக்கோடு இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்காரவேண்டும். பாதிப் பட்டை எலும்புக்கு மேலே, பாதி கீழே. அதை இறுக்கிய பிறகுதான் தோள்பட்டைகளை இழுக்கவேண்டும். அவை தோளை இடைவெளியில்லாமல் தழுவிப் பின்னால் இறங்கி, தோளின் உச்சியிலிருந்து சில சென்டிமீட்டர் கீழே பையோடு சேரவேண்டும். அதற்கும் மேலே, தோள்பட்டையிலிருந்து பையின் தலைப்பகுதிக்கு ஏறும் சின்னப் பட்டைகள் பையை உடம்பை நோக்கி இழுத்துப் பிடிப்பவை. அவை பின்னோக்கி ஏறக்குறைய முப்பதிலிருந்து நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் ஏறினால் நீளம் சரி. நாற்பது லிட்டருக்குக் குறைந்த பைகளில் இவை இல்லாமலே போகலாம், அதனால் பெரிய குறை இல்லை. கடைசியில் மார்புப் பட்டை, மூச்சை இழுத்து விட இடம் வைத்து. இதை முதலில் மாட்டி இறுக்கிக்கொள்கிறவர்கள்தான் பாதி வழியில் மூச்சு முட்டுகிறது என்பார்கள்.

ஒரு சின்னப் பரீட்சை: எல்லாம் மாட்டிய பிறகு தோள்பட்டைகளை மட்டும் இரண்டு விரல் அளவு தளர்த்துங்கள். பை இடுப்பிலேயே நின்றால் பட்டை தன் வேலையைச் செய்கிறது. சர்ரென்று பின்பக்கம் வழுக்கி இறங்கினால் செய்யவில்லை. நம் ஊர் உடல்வாகுக்கு இந்த வழுக்கல் அடிக்கடி வரும். மெல்லிய இடுப்புக்காரர்கள் பட்டையை முழுசாக இழுத்தால், இருபக்கத்துப் பஞ்சும் முன்னால் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அதற்குமேல் இறுக்க வழியில்லை. முன்னால் பக்கிளின் இருபுறமும் நாலைந்து விரல் இடைவெளி மிஞ்சாத பட்டையை வாங்கவே வேண்டாம். நாலு நாள் நடந்தபின் இடுப்பு இன்னும் கொஞ்சம் இளைக்கும்.

பட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் கவனிக்கவேண்டும். தோல் பெல்ட்டின் கொக்கி, சல்வாரின் நாடா முடிச்சு, பாக்கெட்டில் சாவிக்கொத்து, இவையெல்லாம் இறுக்கிய பட்டைக்கு அடியில் இடுப்பெலும்பில் பதிந்து முதல் நாள் மாலைக்குள் தோலைச் சிவக்க வைத்துவிடும். மறுநாள் அதே இடத்தில் பட்டையை இறுக்க மனம் வராது, தளர்த்துவார்கள், சுமை தோளுக்கு ஏறும், தோளும் புண்ணாகும். எலாஸ்டிக் இடுப்புள்ள கால்சட்டை போட்டுக்கொள்வது இதற்கு எளிய மருந்து.

கடையில் பத்து நிமிடம் நடந்து தெரிவது கொஞ்சம்தான். மீதியைச் சொந்த மலையில் தெரிந்துகொள்ளலாம், துறையூர்க்காரருக்கு அந்த வசதி இருக்கிறது. சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும் தார்ச்சாலை வளைந்து வளைந்து போகிறது. வாகனங்களுக்கு ஒதுங்கிக் காலை நேரத்தில் நடந்தால் அது நல்ல பயிற்சிக்களம். காட்டுப்பாதைக்குள் நுழைவதென்றால் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், சாலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. பெருமாள்மலையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இன்னொரு களம். படியில் முழங்காலை உயர்த்தும்போது இடுப்புப் பட்டை தொடையில் இடிக்கிறதா என்பது சமதளத்தில் தெரியவே தெரியாது. பையில் போர்வையைச் சுற்றி அரிசியை வைத்து, வீட்டு எடைமெஷினில் பையோடு ஒருமுறையும் பையில்லாமல் ஒருமுறையும் ஏறி வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து கிலோவில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றி, கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் உண்மையான சாமானையே வைத்து நடக்கலாம்.

நடையில் உடம்பு சொல்வதைப் பிரித்து வாசிக்கத் தெரியவேண்டும். தோளின் உச்சியில் எரிச்சல் என்றால் பெரும்பாலும் இடுப்புப் பட்டை இறங்கியிருக்கிறது, அல்லது பையின் முதுகு உங்களுக்குக் குட்டை. பட்டை பிட்டத்தில் போய் உட்கார்ந்து, தோள்பட்டைக்கும் தோளுக்கும் நடுவே சந்து தெரிந்தால் முதுகு நீளம். பட்டை வயிற்றில் ஏறி அழுத்தினால் குட்டை. பை உங்களைப் பின்னால் இழுப்பதுபோல, முன்னால் குனிந்தே நடப்பதாக இருந்தால் அளவில் குறை இல்லாமலும் இருக்கலாம். அடுக்கியது தவறு. தண்ணீரும் பவர்பேங்கும் மற்ற கனத்த சாமானும் முதுகை ஒட்டி, தோளெலும்புகளுக்கு இடையே வரவேண்டும். மெத்தென்ற உடுப்பு கீழேயும் வெளிப்பக்கமும் போகவேண்டும். விரல் நுனி மரத்துப்போனால் உடனே நின்று தோள்பட்டையைத் தளர்த்தி எடையை இடுப்புக்கு இறக்குங்கள். மரப்பு இறக்கி வைத்த பிறகும் நீடித்தால் அந்தப் பையை மாற்றிவிடுங்கள். இதை "பழகிப் போகும்" என்று விடக்கூடாது. தோல் சிவப்பது பழகும், நரம்பு நசுங்குவது பழகாது.

இறக்கத்தில் இன்னொரு சேதி வெளிவரும். ஏறும்போது உடம்பு முன்னால் சாய்ந்திருப்பதால் தளர்ந்த பட்டைகள் தெரியாமல் போய்விடும். இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் பை ஒரு கணம் தாமதமாக வந்து முதுகில் மோதும். அப்போது மேலிருக்கும் சின்னப் பட்டைகளையும் இடுப்புப் பட்டையையும் ஒருதரம் இழுத்துவிட வேண்டும். நல்ல பையிலும் இருபது நிமிடத்துக்குள் சாமான் அமுங்கிப் பட்டைகள் தளரும். நாள் முழுக்க அவற்றைத் தொட்டுத் திருத்திக்கொண்டே நடப்பதுதான் வழக்கம்.

வாடகைப் பை பற்றியும் கேட்பார்கள். மலையேற்ற ஏற்பாட்டாளர்கள் பலர் பை வாடகைக்குத் தருகிறார்கள், ஐந்து நாளுக்காகச் சில ஆயிரம் கொடுத்து வாங்குவதைவிட அது சிக்கனம். ஒரே இடர், அங்கே போய்ச் சேர்ந்த மாலையில்தான் பை கைக்கு வரும், மறுநாள் காலை நடை. அதற்குள் முதுகு நீளம் பொருந்தாவிட்டால் மாற்று இருக்காது. இந்தப் பெண்ணைப்போல 42 சென்டிமீட்டர் முதுகுக்காரர் வாடகையை நம்பிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு உள்ளவர் நம்பிப் போகலாம், பெரும்பாலான பைகள் அவருக்காகவே தைக்கப்பட்டவை. வாங்குவதானால், விலையேறிய துணியையும் ஏழெட்டு ஜிப்பையும் விட்டுவிட்டு, நீளம் திருத்தும் முதுகும் உறுதியான இடுப்புப் பட்டையும் உள்ள நாற்பத்தைந்து, ஐம்பது லிட்டர் பைக்குப் பணத்தைக் கொடுக்கலாம். அகத்தியர்கூடத்துக்குப் போகும்போது அதே பையின் பக்கப் பட்டைகளை இழுத்துக்கட்டிச் சுருக்கிக்கொள்ளலாம். முப்பது லிட்டர் பையைக் கேதார்கந்தாவுக்கு விரிக்க முடியாது.

இன்னொரு வழியையும் சொல்லியாக வேண்டும். கூடுதல் பணம் கட்டினால் பையையே கோவேறு கழுதையில் ஏற்றிவிடலாம். முதுகுவலி உள்ளவர்களும் வயதானவர்களும் அதைத் தாராளமாகச் செய்யலாம். அப்போதும் தண்ணீர், மழைக்கோட்டு, ஜாக்கெட், மருந்து, மதியச் சாப்பாடு ஆகியவை கையோடு இருக்கவேண்டும், ஏனென்றால் கழுதையும் நீங்களும் ஒரே நேரத்தில் முகாமுக்குப் போய்ச் சேர்வதில்லை. அதற்கு இருபது லிட்டர் சிறுபை போதும். துறையூரில் ஏற்கெனவே வைத்திருக்கும் கல்லூரிப் பையே இதற்குச் சரிப்படும். தோள்பட்டை அகலமாக இருக்கிறதா, மழைக்கு உறை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.